முக்கோணச் சமனிலி: நிறுவலும், பின்னத்துக்கு வரம்பு கட்டும் வழியும்

மட்டு மதிப்பு என்றால் என்னவென்று தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்குப் போகிறேன். எந்த இரு மெய்யெண்களுக்கும்

```
|a + b| ≤ |a| + |b|
```

இதை நிறுவ a மிகை b குறை, a குறை b மிகை என்று நாலு வகையாகப் பிரித்து எழுதுகிறவர்கள் உண்டு. தப்பில்லை, ஆனால் எதற்கு அவ்வளவு பக்கம்? எனக்குப் பிடித்தது இதுதான். எந்த எண்ணும் தன் மட்டுக்கும் அந்த மட்டின் குறை எண்ணுக்கும் இடையில்தான் இருக்கும். அதை a-க்கு ஒன்று, b-க்கு ஒன்று எழுதிக் கூட்டுங்கள்:

```
-|a| ≤ a ≤ |a|
-|b| ≤ b ≤ |b|
-(|a|+|b|) ≤ a+b ≤ |a|+|b|
```

அவ்வளவுதான், ஆனால் கடைசி வரியிலிருந்து |a+b|-க்குத் தாவும் இடத்தைப் பல குறிப்புகள் "எனவே" என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றன. அங்கே கொஞ்சம் நில்லுங்கள். a+b-ஐ t என்றும் |a|+|b|-ஐ c என்றும் வைத்தால், நம் கையில் இருப்பது -c ≤ t ≤ c. |t| என்பது t ஆக இருக்கும், இல்லையென்றால் -t ஆக இருக்கும், மூன்றாவது வாய்ப்பே கிடையாது. t ஆக இருந்தால் வலப்பக்கமே t ≤ c என்று சொல்லிவிடுகிறது. -t ஆக இருந்தால் இடப்பக்கத்தை -1 ஆல் பெருக்குங்கள், குறி திரும்பி -t ≤ c வரும். இரண்டிலும் |t| ≤ c. இடது, வலது இரண்டு வரம்பும் எதற்குத் தேவைப்பட்டன என்பது இங்கேதான் தெரியும்.

சமம் எப்போது வரும்? a, b இரண்டும் ஒரே குறி, அல்லது ஏதாவது ஒன்று பூச்சியம், அதாவது ab ≥ 0. இதை நினைவில் வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

சரி, இனி வரம்பு கட்டுவோம். |x| ≤ 2 என்றால் இந்தப் பின்னம் எவ்வளவு பெரிதாகலாம்?

```
|(x² + 3x - 2) / (x - 5)|
```

தொகுதி சுலபம்: |x|² + 3|x| + 2 ≤ 4 + 6 + 2 = 12. பகுதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதே பழக்கத்தில் |x-5| ≤ 2+5 = 7 என்று எழுதி 12/7 என்று முடித்துவிடுவார்கள். x = 2 போட்டுப் பாருங்கள்: தொகுதி 8, பகுதியின் மட்டு 3, விடை 8/3. இது 12/7-ஐவிடப் பெரிது, அப்படியென்றால் அந்த வரம்பே பொய். பின்னம் பெரிதாகாமல் தடுக்க வேண்டுமானால் பகுதி சிறிதாகாமல் தடுக்க வேண்டும், அதாவது பகுதிக்கு வேண்டியது கீழ் வரம்பு.

அதுவும் அதே சமனிலியிலிருந்தே கிடைக்கும். 5 = (5-x) + x என்று பிரித்து எழுதுங்கள்:

```
5 ≤ |5-x| + |x|
|x-5| = |5-x| ≥ 5 - |x| ≥ 3
```

ஆக, பின்னம் ≤ 12/3 = 4. உண்மையான உச்சம் 8/3தான். ஏன் இடைவெளி? தொகுதியில் 12 வர வேண்டுமானால் x², 3x, -2 மூன்றும் ஒரே குறியில் இருக்க வேண்டும், x² மிகை, -2 குறை என்பதால் அது நடக்காது. தொடர்ச்சி, எல்லை பற்றிய நிறுவல்களுக்கு 4 போதும், இறுக்கமான வரம்பைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம். விடையைச் சரிபார்க்க நான் வரைபடச் செயலியைத் திறப்பதில்லை, இடைவெளியின் இரு முனைகளையும் நடுவில் ஒரு புள்ளியையும் கையால் போட்டுப் பார்ப்பேன். வரம்பு பொய்யென்றால் பெரும்பாலும் முனையிலேயே மாட்டிக்கொள்ளும். மாட்டாததால் மட்டும் அது சரி என்றாகிவிடாது, நிறுவல்தான் அதைச் சொல்ல வேண்டும்.

பின்சேர்க்கை: |x| ≤ 3 இருக்கும்போது பகுதி x² - x + 7 என்றால் இந்த வழி ஓடவில்லையே என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். சரியான கேள்வி. 7 - |x²-x| ≥ 7 - 12 = -5 என்று வருகிறது. மட்டு -5-ஐவிடப் பெரிது என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்து வகுக்க முடியாது. கீழ் வரம்பு பூச்சியமாகவோ குறையாகவோ வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பகுதி நிஜமாகவே பூச்சியமாகிறது (மேலே உள்ள கணக்கில் |x| ≤ 6 என்று எடுத்தால் x = 5 உள்ளே வந்துவிடும், அப்போது வரம்பே கிடையாது). இன்னொன்று, சமனிலி இங்கே மிகவும் தளர்வாக இருக்கிறது. இவர் கணக்கு இரண்டாவது வகை, வர்க்கம் பூர்த்தி செய்தால் போதும்:

```
x² - x + 7 = (x - 1/2)² + 27/4 ≥ 27/4
```

இப்போது 1/(x² - x + 7) ≤ 4/27, அதுவும் எல்லா x-க்கும், |x| ≤ 3 என்ற நிபந்தனைகூடத் தேவையில்லை.