காலவரிசைக் கட்டுரையைக் கருப்பொருள்வாரியாக மாற்றும்போது ஆண்டுகள் பிசகும் இடங்கள்

தமிழகத்தின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி 1937 முதல் 1968 வரை வரிசையாக எழுதப்பட்ட ஒரு மாணவக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். அதில் நிகழ்வுகள் சரியாக இருக்கும், ஆண்டுகளும் சரியாக இருக்கும், ஆனால் வாதம் எதுவும் இருக்காது. வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, கருப்பொருள்வாரியாக மாற்றி எழுதச் சொல்வார். திரும்பி வரும் பிரதியில் வாதம் ஒன்று தலைகாட்டியிருக்கும். கூடவே முதற்பிரதியில் இல்லாத ஆண்டுப் பிழைகள் நான்கைந்து புதிதாக முளைத்திருக்கும். அவை பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் நேர்கின்றன.

முதல் தவறு, காலகட்டத்தையே கருப்பொருள் என்று எண்ணிவிடுவது. ‘முதற்கட்டப் போராட்டம்’, ‘1965 எழுச்சி’ என்று தலைப்பிட்டால் காலவரிசைக்குப் பெயர் மட்டுமே மாறியிருக்கிறது. ஒரு தலைப்பின்கீழ் 1938-உம் 1965-உம் சேர்ந்து நிற்க முடியுமா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். அரசு எந்தெந்த ஆணைகள் வழியாக இந்தியைக் கொண்டுவந்தது, எதிர்த்து நின்றவர்கள் எந்த அமைப்பினர், போராட்டத்தின் பயனாகக் கிடைத்தது என்ன என்ற மூன்று கேள்விகளும் அந்தச் சோதனையில் தேறும், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் முப்பதாண்டுப் பரப்பு முழுவதிலிருந்தும் விடை தேட வேண்டியிருக்கிறது.

அடுத்தது, பத்திகளை வெட்டி ஒட்டும்போது ‘அடுத்த ஆண்டு’, ‘அதன்பின்’, ‘இதற்கிடையே’ போன்ற சொற்களையும் அப்படியே விட்டுவிடுவது. பழைய கட்டுரை இவ்வாறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘1937 ஜூலையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்றது. அடுத்த ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் அரசாணை வந்தது. மறு ஆண்டுத் தொடக்கத்தில் நடராசனும், இரண்டு மாதங்கள் கழித்துத் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது இறந்தனர்.’ இங்கே எந்தக் குழப்பமும் இல்லை. மூன்றாவது வாக்கியத்தை மட்டும் பிரித்து, உயிரிழப்பு பற்றிய பத்தியில், 1964-இல் திருச்சியில் உயிர்நீத்த சின்னச்சாமியைப் பற்றிய வாக்கியத்தை அடுத்து வைத்துப் பாருங்கள். நடராசன் இறந்தது 1965 என்றாகிவிடுகிறது! எழுதியவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது, ஏனெனில் அவர் மனத்தில் பழைய வரிசை இன்னும் அழியாமல் இருக்கிறது. ஆகவே பத்திகளை நகர்த்துவதற்கு முன்பே, பழைய பிரதியில் இருக்கும் இத்தகைய சொற்கள் அனைத்தையும் அடிக்கோடிட்டு, அவற்றின் இடத்தில் 1938 ஏப்ரல், 1939 ஜனவரி, 1939 மார்ச் என்று முழுத்தேதியை எழுதிவிட வேண்டும். இடம் மாறிய பிறகு திருத்தலாம் என்று விட்டால், எதைக் குறித்து ‘அடுத்த’ என்றோம் என்பதற்கான சான்றே தொலைந்திருக்கும்.

இதைவிட நுட்பமான பிழை, பல தேதிகளைக் கொண்ட ஒரே நிகழ்வில் ஏற்படுகிறது. ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தின் பெயரிலேயே 1967 என்று இருக்கிறது. நாடாளுமன்றத்தில் நிறைவேறியது அந்த ஆண்டு டிசம்பரில். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்ததோ 1968 ஜனவரியில். அதேபோல மூலச் சட்டம் 1963-ஐச் சேர்ந்தது என்றாலும், ஆங்கிலம் தொடர்வதைப் பற்றிய அதன் 3-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 1965 ஜனவரி 26 அன்று. காலவரிசைக் கட்டுரையில் இந்த நிகழ்வு ஒரே இடத்தில் வருவதால் ஒரு தேதி போதும். கருப்பொருள் கட்டுரையிலோ சட்டங்களைப் பேசும் பகுதியிலும் பயனைப் பேசும் பகுதியிலும் அதுவே இரண்டு முறை வரும். ஓரிடத்தில் 1967 என்றும் மற்றோரிடத்தில் 1968 என்றும் எழுதப்பட்டு, படிப்பவர் இரண்டு சட்டங்கள் இருந்தனவோ என்று ஐயுறுவார். இரண்டு ஆண்டுமே சரிதான். நிறைவேறியதா, ஒப்புதல் பெற்றதா, நடைமுறைக்கு வந்ததா என்ற வினைச்சொல்லைத் தேதியோடு சேர்த்து எழுதாததே குறை. ஆங்கிலம் தொடரும் என்று நேரு 1959-இல் அளித்த வாக்குறுதியையும் சாஸ்திரி 1965 பிப்ரவரியில் வானொலியில் அளித்த வாக்குறுதியையும் ‘மத்திய அரசின் உறுதிமொழி’ என்று ஒன்றாகக் கட்டிவிடுவது இதன் மறுபக்கம்: அங்கே இரண்டு நிகழ்வுகள் ஒரே தேதிக்குள் புதைந்துபோகின்றன.

தேதிகள் எல்லாம் சரியாக இருந்தும் வரலாறு பிழையாகும் இடம் ஒன்று உண்டு. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் மோசமானதாகப் படுகிறது. ‘போராட்டத்தின் பயன்’ என்ற தலைப்பின்கீழ் 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியதையும், 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி கைவிடப்பட்டதையும் அடுத்தடுத்து வைத்தால், போராட்டம் அமைச்சரவையை வீழ்த்தியது என்ற பொருள் தானாகவே விளைந்துவிடுகிறது. அமைச்சரவை விலகியதற்குக் காரணம் வேறு. இந்தியத் தலைவர்களைக் கலக்காமல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவை உலகப்போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்து மாகாணங்களின் காங்கிரஸ் அமைச்சரவைகள் எல்லாம் பதவி விலகின. கட்டாய இந்தியை விலக்கிக்கொண்டது, அதன்பின் மாகாணத்தை நேரடியாக ஆண்ட ஆளுநர் எர்ஸ்கின். காலவரிசைக் கட்டுரையில் இடையே போர்ச்செய்தி வந்து இந்த மயக்கத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. கருப்பொருளுக்குத் தொடர்பில்லை என்று அதை நீக்கியதும் தடுப்பு போய்விட்டது. எனவே எந்த வாக்கியத்தை நீக்கினாலும், அதன் இருபுறமும் இருந்த நிகழ்வுகள் இப்போது ஒட்டிக்கொண்டு காரண காரியமாகத் தோன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தோன்றினால் அரை வாக்கியமாவது திரும்ப வர வேண்டும்.

போராடியவர்களைப் பற்றிய பகுதியில் பெயர்கள் காலம் தாண்டுகின்றன. 1938-இல் களத்தில் நின்றவை சுயமரியாதை இயக்கமும் நீதிக்கட்சியும் தமிழறிஞர்களும். திராவிடர் கழகம் 1944-இல்தான் அப்பெயரைப் பெற்றது, தி.மு.க. தோன்றியது 1949 செப்டம்பரில். ஆயினும் ‘திராவிட இயக்கக் கட்சிகள்’ என்று தொகுத்தெழுதும் அவசரத்தில், 1938 மறியலில் தி.மு.க. கலந்துகொண்டதாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. மாநிலத்தின் பெயரும் அப்படியே: 1965-இல் அது சென்னை மாநிலம், தமிழ்நாடு என்ற பெயர் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரியில். மனிதர்களின் நிலைப்பாட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. 1938 டிசம்பரில் சிறையிலிருந்தபடியே நீதிக்கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரியார், 1965-இல் காங்கிரஸ் ஆட்சியை ஆதரித்து மாணவர் கிளர்ச்சியைக் கண்டித்தார். ‘பெரியார் இந்தித் திணிப்பை எதிர்த்தார், போராட்டங்களை முன்னின்று நடத்தினார்’ என்று ஆண்டு இல்லாமல் எழுதும் வாக்கியம் இரண்டாவது நிலைப்பாட்டை மறைத்துவிடுகிறது. கருப்பொருள் கட்டுரையில் ஒவ்வொரு நிலைப்பாட்டுக்கும் ஆண்டு ஒட்டியே இருக்க வேண்டும்.

சரிபார்க்கும் முறை கடினமானதன்று. எழுதத் தொடங்குமுன் பழைய கட்டுரையிலுள்ள நிகழ்வுகளை எண்ணிட்டு, தேதி, அத்தேதியில் நடந்தது என்ன, எடுத்த மூலம் எது என்று மூன்று நெடுவரிசைகளாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய பிரதி முடிந்ததும், பழைய தாளைப் பாராமல், புதிய பிரதியில் உள்ள தேதிகளை மட்டும் பொறுக்கி இன்னொரு பட்டியல் போட்டு, பிறகே இரண்டையும் ஒப்பிடுங்கள். முதற்பட்டியலில் இல்லாத ஆண்டு எதுவும் இரண்டாவதில் இருந்தால் அதை மூலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முதற்பட்டியலில் இருந்து காணாமற்போன நிகழ்வுகளுக்கு, தெரிந்தேதான் விட்டோமா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். 1948-இல் ஓமந்தூரார் ஆட்சியில் மீண்டும் எழுந்த போராட்டம் பெரும்பாலும் இந்த ஒப்பீட்டில்தான் விடுபட்டதாகத் தெரியவரும், ஏனெனில் 1938, 1965 என்ற இரு பெரிய அலைகளுக்கிடையே அது எந்தத் தலைப்பின்கீழும் எளிதில் அடங்குவதில்லை.