நுரை ஏன் வேட்டிக் கரை போல வருகிறது?

பெங்களூரு அல்சூரில் என் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் நாகர்கோவில் தம்பி, தான் ஷேடரில் எழுதிய கடலைக் காட்டப் போன வாரம் லேப்டாப்போடு வந்தார். "அண்ணா, கடல் நல்லாத்தான் அசையுது. நுரை மட்டும் வேட்டிக் கரை மாதிரி நீளமா வருது."

அவர் வெர்டெக்ஸ் ஷேடரில் இரண்டு சைன் அலைகளைக் கூட்டியிருந்தார். பெரியதற்கு அலைநீளம் 40 மீட்டர், வீச்சு 1 மீட்டர். சிறியதற்கு 10 மீட்டர், 0.25 மீட்டர். உயரம் 0.7ஐத் தாண்டினால் வெள்ளை நிறம். பெரும்பாலானோர் முதலில் இப்படித்தான் எழுதுகிறார்கள், தவறும் இங்கேதான். பெரிய அலையின் உச்சியில் சின்ன அலையின் பள்ளமே வந்து விழுந்தாலும் உயரம் 0.75 இருக்கும். அப்புறம் உச்சி முழுக்க வெளுக்காமல் என்ன செய்யும்?

கடலில் அலை உடைவது உயரமாக இருப்பதால் மட்டும் இல்லை, முகடு தாங்க முடியாத அளவுக்குக் கூராவதால். அந்தக் கூர்மையை வளைவை வைத்து அளக்கலாம். ஒரு சைன் அலையின் உச்சி வளைவு `A·k²`, இதில் `k = 2π/λ`. பெரிய அலைக்கு இது 0.025, சின்ன அலைக்கு 0.099. உயரத்தில் கால்வாசி இருப்பது வளைவில் நான்கு மடங்கு!

```glsl
float c = 0.0;
for (int i = 0; i < N; i++) {
  float ph = dot(k[i], pos) - w[i] * t;
  c += A[i] * dot(k[i], k[i]) * sin(ph);
}
float foam = smoothstep(0.08, 0.12, c);
```

இரண்டு உச்சிகளும் சேரும்போது `c` 0.123 வரை போகும். பெரிய அலையின் பள்ளத்தில் சின்ன உச்சி வந்தால் 0.074தான், அங்கே நுரை வராது. கோடு உடைந்து திட்டுத்திட்டாக மாறிவிடும். மேலும் அலைகளைச் சேர்த்தால் 0.08, 0.12 என்ற வரம்புகளைக் கண்ணால் பார்த்துத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கணக்கை வெர்டெக்ஸ் ஷேடரிலேயே வைக்காதீர்கள். தம்பியின் மெஷ்ஷில் புள்ளிகளுக்கு இடையே 2 மீட்டர். நுரைத் திட்டின் அகலமோ 3 மீட்டர்தான். திட்டு நகரும்போது ஒரு புள்ளியில் பட்டு, அடுத்ததில் படாமல் மினுக்கும். `pos`ஐ மட்டும் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓடும் ஃபிராக்மென்ட் ஷேடரில் கணக்கிடுங்கள்.

இன்னொரு தவறு, எல்லா அலைக்கும் ஒரே வேகம் கொடுப்பது. ஒரே திசையில் போனால் நுரை உச்சியில் ஒட்டிக்கொண்டே ஊர்வலம் போகும். ஆழ்கடலில் `w = sqrt(9.8 * k)`. அதன்படி 40 மீட்டர் அலை நொடிக்கு 7.9 மீட்டரும், 10 மீட்டர் அலை அதில் பாதியும் போகும். உச்சிகள் சேர்ந்து பிரியும், நுரை தோன்றி மறையும்.

ஆனாலும் சட்டென்று மறைகிறதே என்றார் தம்பி. சரியான கேள்வி. நிஜ நுரை அலை போன பிறகும் தண்ணீரில் கிடக்கும், ஷேடருக்கோ பழைய ஃபிரேம் நினைவில்லை. அதே `c`யை `t - 0.5`, `t - 1.0` நேரங்களுக்கும் கணக்கிட்டு, அதில் கிடைத்த `foam`ஐ 0.6, 0.3 மடங்காக மங்கலாக்கி, மூன்றில் பெரியதை எடுத்தோம். அரை நொடியில் சின்ன அலை 2 மீட்டர் நகர்வதால் திட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வால் போல நீண்டன. நடுவிலிருந்த `t - 0.5`ஐ நீக்கிப் பார்த்தோம். 4 மீட்டர் இடைவெளி விழுந்து, பின்னால் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தன.