தமிழில் வைத்த வைஃபை பெயர் சில கருவிகளில் ஏன் வேலை செய்வதில்லை?

வைஃபைக்கு 'எங்கள் வீடு' என்று பெயர் வைக்கிறீர்கள். போனில் அழகாகத் தெரிகிறது. பழைய பிரிண்டரிலோ வெறும் கட்டங்கள், அல்லது `\xe0\xae\x8e` போல ஏதோ ஒன்று. ஸ்மார்ட் பிளக் இணையவே மறுக்கிறது. கடவுச்சொல் சரிதான், சிக்கல் பெயரில் இருக்கிறது.

முதலில் பெயரின் நீளத்தை எண்ணுங்கள்

வைஃபை பெயருக்கு 32 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில், யூடிஎஃப்-8 முறைப்படி, ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளியும் தனிக் குறி, துணைக்காலும் கொம்பும் அப்படியே. 'எங்கள் இல்லம்' என்று வைக்கப் பார்த்தால், 'எங்கள்' என்பதில் எ, ங, புள்ளி, க, ள, புள்ளி என 6 குறிகள், 18 பைட். இடைவெளிக்கு 1. 'இல்லம்' இன்னொரு 18. மொத்தம் 37.

சில ரவுட்டர்கள் இதை ஏற்காது. ஏற்றுக்கொண்டு 32-இல் வெட்டினால் இன்னும் மோசம்: 'ம' என்ற எழுத்தின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். 'எங்கள் வீடு' 31 பைட், மயிரிழையில் தப்பிக்கும்.

நீளம் சரியாக இருந்தும் சிக்கல் வரலாம். பெயர் என்பது கருவிக்கு வெறும் பைட் வரிசை. அதை எந்த எழுத்து முறையில் படிக்க வேண்டும் என்று பழைய வைஃபை தரம் சொல்லவில்லை. யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வசதி 2012 பதிப்பில்தான் வந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு அநேகமாக எல்லா முறைகளிலும் ஒரே பைட் என்பதால் அங்கே குழப்பமில்லை.

பெயரை மறைத்து வைத்து, கையால் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு பொறி. 'தோட்டம்' என்பதில் உள்ள 'ஓ'காரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ரவுட்டருக்கு 21 பைட் பெயர் ஒன்று, 24 பைட் பெயர் மற்றொன்று.

பெயர்தான் காரணமா என்று சோதியுங்கள்

ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் வசதி இருந்தால் அதை `veedu-test` என்ற பெயரில் இயக்குங்கள். கடவுச்சொல், பாதுகாப்பு வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எல்லாம் பழையபடியே இருக்கட்டும். பிளக் இப்போது இணைந்தால் குற்றவாளி பெயர்தான். இணையாவிட்டால் பெயரை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

பெயரை மாற்றுங்கள்

பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் திறங்கள். பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1`. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். வயர்லெஸ் பகுதியில் `SSID` என்ற கட்டத்தில் `engal-veedu` என்று எழுதிச் சேமியுங்கள். சிற்றெழுத்து, எண், சிறுகோடு போதும். இடைவெளியும் மேற்கோள் குறியும் வேண்டாம். பேரெழுத்து, சிற்றெழுத்து மாறினாலும் அது வேறு பெயர்.

சேமித்ததும் எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். கடவுச்சொல் மாறாவிட்டாலும் ஒவ்வொன்றிலும் புதுப் பெயரைத் தேர்ந்து மறுபடி இணைக்க வேண்டும். போனில் பழைய தமிழ்ப் பெயரை நீக்கிவிடுங்கள்.