ஓசியில் நல்ல படம் பார்ப்பவர்கள் செய்யும் தப்புகள்

நான் இருப்பது கலிஃபோர்னியாவில். எங்கள் குடியிருப்புக்கு ஊரிலிருந்து யாராவது புதிதாக வந்துகொண்டே இருப்பார்கள். வந்ததும் அவர்களிடம் நான் சொல்வது, "முதலில் லைப்ரரி கார்டு வாங்குங்கள். லைப்ரரி கார்டு வைத்துப் படம் பார்க்கும் கனோபி, ஹூப்லா ஆப்கள் இரண்டும் உங்கள் லைப்ரரியில் உண்டா என்று கேளுங்கள். டுபி என்ற ஆப்புக்கு அதுவும் வேண்டாம், விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும்." பத்தே நாளில் திரும்பி வந்து, "அண்ணா, டிக்கெட் எல்லாம் தீர்ந்து போச்சு" என்பார்கள். அதை எப்படித் தீர்த்திருப்பார்கள் என்று கேட்காமலே எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் தீர்த்தேன்.

சும்மா பார்க்கலாமே என்று ப்ளேயை அழுத்துவது

மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் இடங்களில் வந்த பழக்கம் இது. ஒரு படத்தைப் போடுவோம், ஐந்து நிமிடம் பார்ப்போம், பிடிக்கவில்லையா, அடுத்ததுக்குப் போவோம். கனோபியில் இந்தக் கதை நடக்காது. லைப்ரரி நமக்கு மாதத்துக்கு இத்தனை டிக்கெட் என்று தருகிறது. ப்ளேயை அழுத்தினால் அந்தப் படத்துக்குரிய டிக்கெட் கழிந்துவிடும். முழுக்கப் பார்த்தோமா, பெயர் போடும்போதே எழுந்து போனோமா என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது.

எனக்கு அப்போது மாதம் பத்து டிக்கெட். ஒரு சனிக்கிழமை ராத்திரி, தேதி இரண்டு. சோஃபாவில் பக்கத்தில் வீட்டுக்காரி. முதல் படம் ஓடத் தொடங்கி நாலு நிமிடம்கூட ஆகவில்லை, "ரொம்ப இருட்டா இருக்கு, வேற போடுங்க" என்றாள். அடுத்தது சப்டைட்டில் அதிகம். அதற்கடுத்தது அழுகை. படத்துக்கு இரண்டு டிக்கெட், ஐந்து படம். அரை மணி நேரத்தில் மாதக் கணக்கு முடிந்தது. ஒரு படத்தையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. புது டிக்கெட் அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் வரும். இந்த மாதம் மிச்சம் வைத்தாலும் அடுத்த மாதத்தில் சேராது.

என் டிக்கெட் போனதைவிட எனக்கு எரிச்சல் வேறொன்றில். நாம் அழுத்தும் ஒவ்வொரு ப்ளேக்கும் லைப்ரரி காசு கொடுக்கிறது. நமக்குத்தான் இலவசம், அவர்களுக்கு இல்லை. 2019இல் நியூயார்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகளும், செலவு கட்டுப்படியாகவில்லை என்று கனோபியையே நிறுத்திவிட்டன. "ஓசிதானே" என்று ஒருவர் பாதியில் விட்ட ஐந்து படமும் அந்த பில்லில்தான் ஏறும்.

சரி, எப்படித் தேர்வு செய்வது? ப்ளே பட்டனுக்குப் பக்கத்திலேயே எத்தனை டிக்கெட், எத்தனை நாள் என்று இருக்கும். அதே பக்கத்தில் ஓடும் நேரம், மொழி எல்லாம் உண்டு. டிரெய்லரை யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்ததைப் பட்டியலில் போட்டு வையுங்கள். இரண்டு மணி நேரம் நிஜமாகவே கையில் இருக்கும் ராத்திரியில் மட்டும் அழுத்துங்கள். பாதியில் தூங்கிவிட்டால் பயமில்லை. கெடு முடிவதற்குள் மறுபடி போட்டால் புதிதாக டிக்கெட் கழியாது.

இலவசத்தில் கிடைத்த முதல் பிரதியையே பார்ப்பது

'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற 1968ஆம் வருடத்துப் பேய்ப்படத்தை எடுத்துக்கொள்வோம். வெளியாகும் முன் படத்தின் பெயரை மாற்றினார்கள். பழைய பெயர் அட்டையோடு காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் உரிமையும் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அதைப் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். தேய்ந்த பிரிண்ட், சாயம் பூசிய பிரிண்ட், வெட்டிய பிரிண்ட் எல்லாம் கிடைக்கும். ஆனால் மூல நெகடிவிலிருந்து 4கே தரத்தில் சீர்செய்த பிரதி 2016இல் வந்துவிட்டது.

நான் முதலில் பார்த்த பிரதியில் பேசுபவரின் நெற்றியே இல்லை. பழைய படம், அப்படித்தான் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் படம் கிட்டத்தட்டச் சதுரமாக எடுக்கப்பட்டது. டிவி முழுக்க நிறைந்து ஓடினால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் சந்தோஷப்படுங்கள். நேரத்தையும் பாருங்கள்: படம் சுமார் 96 நிமிடம். பத்து நிமிடம் குறைந்தால் எங்கேயோ கத்தரி விழுந்திருக்கிறது.

ஹூப்லாவை ராத்திரி பத்து மணிக்குத் திறப்பது

ஹூப்லாவில் மாதம் இத்தனை எடுக்கலாம் என்ற நம் கணக்கு தனி, லைப்ரரியின் தினசரிச் செலவு வரம்பு தனி. அந்த வரம்பு தீர்ந்துவிட்டால், நம் கணக்கில் மிச்சம் இருந்தாலும் நாளைக்கு வா என்று சொல்லிவிடும். காலையில் எடுத்து வையுங்கள். படத்துக்கு 72 மணி நேரம் உண்டு, ராத்திரி நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரே கார்டோடு நிற்பது

கலிஃபோர்னியாவில் எந்த மூலையில் இருந்தாலும் லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகம் கார்டு தரும். கேளுங்கள்.

டுபியில் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடுவது

'Leaving Soon' வரிசையை மாதக் கடைசியில் பாருங்கள். அப்புறம் இருக்காது.