ஸ்லீவின் பெயரைச் சொல்வதற்கு முன் தையலைத் தேடுங்கள்

என்னிடம் தையல் கற்கும் பெண் ஒருத்தி போன வாரம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இது டால்மன் ஸ்லீவ்தானே?" என்று கேட்டாள். மேசையில் துணி விரித்தாகிவிட்டது, கத்தரிக்கோலும் கையில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே இடத்தில் அதே நம்பிக்கையோடு நின்றிருக்கிறேன். அன்று எனக்கு ஒரு முழுத் துணி வீணானது.

தையலைப் பார்க்காமல் தளர்வைப் பார்ப்பது

ஒரு வாடிக்கையாளர் கொடுத்த படத்தில், கருநீலத்தில் சிறு பூக்கள் போட்ட மேலாடை அணிந்த பெண் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். தோளில் தையல் தெரியவில்லை. அக்குள் பக்கம் மடிப்புகள் மென்மையாக விழுந்திருந்தன. டால்மன் என்று முடிவு செய்து, முன்பக்கத்தையும் ஸ்லீவையும் ஒரே துண்டாக வெட்டினேன். தைத்துப் போட்டுப் பார்த்த வாடிக்கையாளர் கையை உயர்த்தியதும் ஆடை முழுவதும் இடுப்பிலிருந்து மேலே ஏறியது. கையை இறக்கினால் அக்குளில் துணி மூட்டையாகத் திரண்டது. படத்தில் இருந்த பெண்ணுக்கு அப்படி இல்லை.

அதன் பிறகுதான் படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஓடும் ஒரு கோட்டில் பூக்கள் பாதி பாதியாக வெட்டுப்பட்டிருந்தன. அது ராக்லான். வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லான் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. அதன் ஸ்லீவ் தோளையும் சேர்த்துக்கொண்டு கழுத்துவரை போகும். செட்-இன்னிலோ தையல் தோள்முனையில் கையைச் சுற்றி வரும். டால்மனில் உடலுக்கும் கைக்கும் நடுவே தையலே இருக்காது.

வெட்டிய டால்மனை ராக்லானாக மாற்றலாமே என்று கேட்பார்கள். முடியாது. ராக்லானில் அக்குளுக்கான துணி உடல் துண்டிலும் இருக்க வேண்டும், ஸ்லீவ் துண்டிலும் தனியாக இருக்க வேண்டும். டால்மனில் அந்த இடம் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. சாய்கோட்டில் வெட்டினால் இரண்டு துண்டுக்கும் தையலுக்கான ஓரம்கூட மிஞ்சாது. மாறாக, ராக்லானை டால்மன் என்று நினைத்ததை வெட்டுவதற்கு முன் கண்டுகொண்டால் இழப்பு ஒன்றுமில்லை. இந்தத் தவறு இன்றும் என்னை எரிச்சலூட்டுவது அதனால்தான்: ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

அந்த ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டியது இதுதான். கழுத்தோரத்தில் தொடங்கி விரலால் கோடு தேடுங்கள். பூப்போட்ட துணியில் கோடு தெரியாது, வெட்டுப்பட்ட பூ தெரியும். கோடுபோட்ட துணியானால் இன்னும் எளிது. உடலில் நெடுக்குக் கோடுகள் இருந்து, தொங்கும் கையிலும் அவை கையின் நீளத்தோடு ஓடினால், ஸ்லீவ் தனியாக வெட்டப்பட்டிருக்கிறது. அதே கோடுகள் கையில் சாய்ந்தோ, ஏறக்குறைய குறுக்காகவோ ஓடி, உடலிலிருந்து முறியாமல் தொடர்ந்தால், அது டால்மன். துணி ஒரே துண்டு என்பதால் உடலில் நெடுக்காகப் போன நூல், பக்கவாட்டில் நீளும் கைக்குக் குறுக்காகிவிடுகிறது. ஒரே நிறத் துணியில் இந்த உதவி கிடையாது. அப்போது கையை உயர்த்திய படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் துணியைத் தொடாதீர்கள்.

தோள் இறங்கியதெல்லாம் டால்மன் என்பது

தையல் மேல்கையில் இருந்தால், அது இறங்கிய தோள். இல்லாத தையலும் இடம் மாறிய தையலும் ஒன்றல்ல.

மடித்து ஏற்றிய பிஷப்பைப் பஃப் என்பது

பிஷப் ஸ்லீவ் மேலே அடக்கமாக இறங்கி, முழங்கைக்குக் கீழே அகன்று, மணிக்கட்டில் சுருக்கம் வைத்துக் கஃப்புக்குள் சேரும். படத்தில் இருப்பவர் கஃப்பை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டால், அகன்ற பகுதி மேலே குவிந்து பஃப் மாதிரித் தெரியும். அப்போது தோள்முனையைப் பாருங்கள். பஃப்பில் பெரும்பாலும் தோளிலேயே சுருக்கம் தொடங்கி, துணி மேல்நோக்கி எழுந்து நிற்கும். தோள் வழுவழுப்பாக இருந்து, உப்பல் மட்டும் கீழே இருந்தால், அதைப் பஃப்பாக வெட்டாதீர்கள். நீளமே போதாமல் போய்விடும்.

கேப் ஸ்லீவ்

தோள்முனையை மூடும், அக்குளுக்கு வருவதற்குள் முடிந்துவிடும். அக்குளைச் சுற்றித் துணி வந்தால் அது குட்டையான செட்-இன்.