இதயப் படமும் கடைசி பெஞ்சும்: அறிவியல் ஸ்லைடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர் மாதிரி வகுப்பு எடுப்பதைச் சமீபத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்தாம் வகுப்புக்கான மனித இதயம் என்ற பாடத்தை மூன்று பேர் எடுத்தார்கள். மூவருடைய ஸ்லைடிலும் நான் முன்பு செய்த அதே தவறு இருந்தது. எழுத்துப்பிழை, பக்கவாட்டில் இழுத்துச் சப்பையாக்கிய படம், படத்தின் நடுவே வேறொருவருடைய வாட்டர்மார்க் ஆகியவற்றை நான் இங்கே பேசப் போவதில்லை. அவை தவறு என்பதை யாரும் சொல்லாமலே அறிவார்கள். பார்வைக்கு மிகச் சரியாகத் தெரிந்துகொண்டே வகுப்பைக் கெடுக்கிற ஒரு தவறுதான் என்னை இன்றுவரை எரிச்சலூட்டுகிறது.

முழுப் படத்தையும் அப்படியே தூக்கி வைப்பது

பாடநூலில் உள்ள இதயத்தின் உள்ளமைப்புப் படத்தை ஸ்கேன் செய்து ஸ்லைடு முழுவதும் நிரப்பினேன். நான்கு அறைகள், வால்வுகள், பெருஞ்சிரைகள், பெருந்தமனி, நுரையீரல் தமனி, நுரையீரல் சிரைகள், இடைச்சுவர் என்று பதினான்கு பெயர்கள் அதில் இருந்தன. ஒன்றும் விடுபடவில்லை என்ற நிறைவோடு லேசர் விளக்கை வைத்துச் சுழற்றிச் சுழற்றி நாற்பது நிமிடம் விளக்கினேன். முடியும் நேரத்தில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சார், நீலமா இருக்கிற குழாய்ல எது சார் நுரையீரலுக்குப் போகுது?" என்று கேட்டாள். "அதான் பக்கத்துலயே எழுதியிருக்கேம்மா" என்றேன். "இங்கேருந்து எழுத்து தெரியல சார்" என்றாள்.

அடுத்த வாரத் தேர்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள், நுரையீரல் தமனி ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டு செல்கிறது என்று எழுதியிருந்தார்கள். தமனி என்றாலே ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம் என்று முந்தைய வகுப்பில் மனத்தில் பதிந்த பாதி உண்மையை மாற்ற வேண்டிய ஒரே இடம் அந்தக் குழாய்தான். அதையே நான் பதினான்கு பெயர்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தேன். அதைச் சரிசெய்ய மேலும் இரண்டு பாடவேளைகள் செலவாயின.

பாடநூல் படத்தில் குறை எதுவும் இல்லை. அது கையில் வைத்து, விரலால் தொட்டு, திரும்பத் திரும்பப் பார்ப்பதற்காக வரையப்பட்டது. ஸ்லைடோ பேச்சின் வேகத்தில் ஓடுகிறது. மாணவர் ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும். பதினான்கு பெயர்கள் திரையில் இருந்தால், நாம் முதல் பெயரைச் சொல்லும்போது அவர் ஒன்பதாவதை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

எழுத்து தெரியவில்லை என்று அவள் சொன்னதைப் பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பவர்பாயிண்டில் அகலத்திரை ஸ்லைடின் உயரம் 19 சென்டிமீட்டர். எங்கள் வகுப்பறைத் திரையின் உயரம் ஒன்றரை மீட்டர். ஆக, ஸ்லைடில் உள்ளது எதுவானாலும் திரையில் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. 12 புள்ளி அளவுள்ள எழுத்தின் உயரம் திரையில் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் கடைசி பெஞ்சு 8 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பார்ப்பது, 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்த புத்தகத்தில் 5 புள்ளி எழுத்தைப் படிப்பதற்குச் சமம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வாசிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயரை 24 புள்ளியில் எழுதினால் அது புத்தகத்தின் 10 புள்ளி எழுத்துக்கு நிகராகிவிடும். ஆனால் பதினான்கு பெயர்களை 24 புள்ளியில் எழுத ஸ்லைடில் இடம் இருக்காது. அதிலும் 'கீழ்ப்பெருஞ்சிரை' போன்ற நீண்ட சொல்லை இரண்டு வரியாக உடைக்கவும் மனம் வராது. இடம் போதவில்லை என்று எழுத்தைச் சுருக்கத் தோன்றும்போது பெயர்களைக் குறைக்க வேண்டும் என்பதே நான் இப்போது பின்பற்றும் வழக்கம்.

இன்று அதே பாடத்தை ஏழு ஸ்லைடுகளில் எடுக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்விதான். முதல் ஸ்லைடில் நான்கு செவ்வகங்கள் மட்டும் இருக்கும்: மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள், நடுவே ஒரு தடித்த கோடு. இவை பவர்பாயிண்டின் வடிவங்களைக் கொண்டே ஐந்து நிமிடத்தில் வரைந்தவை. அந்த ஸ்லைடை Ctrl+D கொடுத்து நகலெடுத்து, நகலில் வலப்பக்க அறைகளை மட்டும் வண்ணத்தில் விட்டு மற்றவற்றைச் சாம்பல் நிறமாக்கி, உடலிலிருந்து வலது ஆரிக்கிளுக்குள் வரும் இரண்டு பெருஞ்சிரைகளை அம்புக்குறிகளாகச் சேர்க்கிறேன். மூன்றாவதில் வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்குப் போகும் ஒரே அம்பும், நுரையீரல் தமனி என்ற ஒரே பெயரும் இருக்கும். இந்த ஸ்லைடில் நின்று, "இதயத்தை விட்டு வெளியே போவதால் இது தமனி, உள்ளே ஓடுவது ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பேன். நான்காவதில் நுரையீரல் சிரைகள் இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகின்றன. ஐந்தாவதில் இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து பெருந்தமனி புறப்படுகிறது. உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் அந்த அறையின் சுவர் வலது வெண்ட்ரிக்கிளின் சுவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன் உடையது என்பதால், அந்தச் செவ்வகத்தின் கோட்டை 4 புள்ளியிலிருந்து 12 புள்ளியாக்குகிறேன். ஏன் தடித்திருக்கிறது என்று மாணவர்களே கேட்டுவிடுகிறார்கள். ஆறாவதில் வால்வுகள் வருகின்றன. பாடநூலின் முழுப் படம் ஏழாவதில்தான் வருகிறது, அதுவும் பெயர்கள் இல்லாமல். பெயர் சொல்வது மாணவர்களின் வேலை.

இதில் கவனிக்க வேண்டியது, செவ்வகங்கள் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இம்மியும் நகரக் கூடாது. நகர்ந்தால் கண் புதிய அம்பைப் பார்க்காமல், எது மாறியது என்று தேடத் தொடங்கிவிடும். நகலெடுத்துச் சேர்ப்பதன் காரணம் இதுவே. அனிமேஷனிலும் இதைச் செய்யலாம். ஆனால் கோப்பை பிடிஎஃப் ஆக மாற்ற நேர்ந்தால் எல்லா அம்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் வந்து விழும்.

பெயரை எண்ணாக மாற்றி ஓரத்தில் பட்டியலிடுவது

நெரிசலைக் குறைப்பதாக நினைத்துச் சிலர் படத்தில் 1, 2, 3 என்று குறித்துவிட்டு வலது ஓரத்தில் பெயர்களை அடுக்குகிறார்கள். கண் படத்துக்கும் பட்டியலுக்கும் மாறி மாறி ஓட வேண்டியிருப்பதால் சுமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பெயர் அந்த உறுப்பின் மேலேயோ பக்கத்திலேயோ இருக்க வேண்டும்.

வெள்ளைப் பெட்டியால் பெயரை மறைப்பது

வெள்ளைப் பின்னணியில் மட்டுமே இது செல்லும். படத்தின் மேல் ஓடும் சுட்டுக்கோடுகள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதைவிட விக்கிமீடியா காமன்ஸில் எஸ்விஜி வடிவில் கிடைக்கும் படத்தை எடுப்பது மேல். இதயப் படத்துக்குப் பெயர்கள் இல்லாத பதிப்பும் அங்கே கிடைக்கிறது. பெயர்களோடு மட்டுமே கிடைத்தால், புதிய பவர்பாயிண்டில் அதைச் செருகி Convert to Shape கொடுத்து, பின்பு Ungroup செய்தால் ஒவ்வொரு பெயரையும் கோட்டையும் தனியே தேர்ந்தெடுத்து நீக்கிவிடலாம். படத்தின் உரிம விவரத்தைக் கடைசி ஸ்லைடில் ஒரு வரியாகக் குறித்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் இதயம் வரையச் சொல்வது

மாதிரி வகுப்பில் ஒருவர் காட்டிய படம் மிகப் பளபளப்பாக இருந்தது. அதில் பெருந்தமனி வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்பட்டது. இரண்டு வெண்ட்ரிக்கிள்களின் சுவரும் ஒரே தடிமனில் இருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்து போலத் தோன்றும் ஏதோ கிறுக்கல்கள் இருந்தன. கிறுக்கல்கள் எல்லோருக்கும் தெரிந்தன. இடம் மாறிய பெருந்தமனியை அவரே கவனிக்கவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

உறுப்புகளின் இணைப்பு முக்கியமாகிற எந்தப் படத்தையும் நான் இப்படி உருவாக்குவதில்லை. பாடத்தின் தொடக்கத்தில், மாடிப்படி ஏறி மூச்சுவாங்கி நிற்கும் ஒரு சிறுவனின் படம் வேண்டுமானால் உருவாக்கிக்கொள்ளலாம். அங்கே தவறு நேர்ந்தாலும் பாடம் கெடாது. அப்போதும் எழுத்து எதுவும் வேண்டாம், பின்னணி ஒரே நிறமாக இருக்கட்டும் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் சுவர், செடி, நிழல் என்று ஓரங்களையெல்லாம் அது நிரப்பிவிடும்.

கையால் வரையத் தயங்குவது

படம் வரையத் தெரியாது என்று சொல்பவர்கள் கரும்பலகையில் தினமும் வரைகிறார்கள். தடித்த கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால், கோடு போடாத வெள்ளைத் தாளில், தேவையான நான்கு கோடுகளை மட்டும் வரையுங்கள். ஜன்னல் பக்கமாக வைத்து, கையின் நிழல் விழாமல் புகைப்படம் எடுங்கள். படத்தைச் செருகியபின் Picture Format பகுதியில் Color என்பதன் கீழுள்ள கறுப்பு வெள்ளைத் தேர்வைக் கொடுத்தால் தாளின் மங்கல் பெரும்பாலும் மறைந்து கோடு மட்டும் நிற்கும். பென்சிலால் வரைந்திருந்தால் கோடும் சேர்ந்து மறைந்துவிடும். பெயர்களைக் கையால் எழுதாமல், பின்னர் ஸ்லைடில் தட்டச்சு செய்யுங்கள், அதுவும் யூனிகோடில். பழைய எழுத்துரு பள்ளிக் கணினியில் இல்லாவிட்டால் நுரையீரல் என்பது பொருளற்ற குறிகளாகத் திரையில் நிற்கும்.

வண்ணத்தை விளக்காமல் விடுவது

நீலம் என்பது வரைபட வழக்கம் மட்டுமே. ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்குமே அன்றி நீலமாக இருக்காது. இதை முதல் ஸ்லைடிலேயே வாய்விட்டுச் சொல்லாவிட்டால், மணிக்கட்டில் தெரியும் சிரையைக் காட்டி, நீல இரத்தம் ஓடுகிறது என்று மாணவர்கள் வாதிடுவார்கள்.

வலமும் இடமும்

படத்தின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கம். ஸ்லைடின் மேலே இரு ஓரங்களிலும் 'உடலின் வலப்பக்கம்', 'உடலின் இடப்பக்கம்' என்று எழுதிவையுங்கள். படத்தை அழகுக்காகத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

பின்னணியில் மங்கலான படம்

வேண்டாம்.

துடிக்கும் இதய ஜிஃப்

ஒரு முறை காட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுங்கள். ஓரத்தில் அது துடித்துக்கொண்டிருக்கும் வரை உங்களை யாரும் பார்க்கமாட்டார்கள்.

கணினியின் முன் உட்கார்ந்தபடியே சரிபார்ப்பது

அரை மீட்டர் தொலைவில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். வகுப்பு தொடங்குவதற்கு முன் புரொஜெக்டரைப் போட்டு, ஜன்னல்களைத் திறந்தே வைத்துக் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். வெளிச்சத்தில் மஞ்சளும் வெளிர்நீலமும் முதலில் கரைந்துபோகும். மெல்லிய சுட்டுக்கோடுகள் அடுத்தபடியாக மறையும். அங்கிருந்து படிக்க முடியாத பெயரை நான் பெரிதாக்க முயல்வதில்லை, நீக்கிவிடுகிறேன். நீக்கிய பெயர் உண்மையிலேயே தேவையானதாக இருந்தால் அதற்கென்று ஒரு ஸ்லைடு தானாகவே உருவாகிவிடும். ஏழு ஸ்லைடுகளில் வால்வுக்கான ஆறாவது அப்படி வந்ததுதான்.