டிவிஆர் ஹார்டு டிஸ்க் எரர் காட்டினால்

பக்கத்து மளிகைக் கடையில் சிசிடிவி காட்சிகளைப் பதியும் டிவிஆர் பீப் அடித்து, டிஸ்கை ஃபார்மட் செய்யச் சொன்னது. அண்ணாச்சி ஓகே கொடுக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

முதலில் பவரை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்றால், நாலு கேமரா ஒரு நாளைக்கு 86 ஜிபி விழுங்கும். 1 டிபி டிஸ்கில் பதினோரு நாள்தான். அப்படி மேலே எழுதப்பட்ட காட்சி போனது போனதுதான், எந்த மென்பொருளும் மீட்காது. வெறும் ஃபார்மட் என்றால் பெரும்பாலும் எந்தப் பதிவு எங்கே என்று குறிக்கும் அட்டவணைதான் அழியும், வீடியோ கிடக்கும்.

டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் விண்டோஸும் ஃபார்மட் கேட்கும், ஏனென்றால் பல டிவிஆர்களின் ஃபைல் சிஸ்டம் அதற்குப் புரியாது. கேன்சல் கொடுங்கள். லினக்ஸில் `lsblk` போட்டு டிஸ்கின் பெயரை உறுதி செய்துகொண்டு, அதைவிடப் பெரிய வேறொரு டிஸ்கின் ஃபோல்டருக்குள் போய் ddrescue மூலம் நகல் எடுங்கள். sdb இருக்கும் இடத்தில் உங்கள் டிவிஆர் டிஸ்கின் பெயரைப் போடுங்கள்:

```
sudo ddrescue -d -n /dev/sdb dvr.img dvr.map
```

மீட்பு வேலையெல்லாம் அந்த நகலில்தான். டிவிஆர் வீடியோவைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். போட்டோ மீட்கும் சாதாரண மென்பொருள் பெரும்பாலும் கைவிரிக்கும். டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் மட்டும் இதெல்லாம் வேண்டாம், உடனே நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி ஆளிடம் கொடுங்கள்.